ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டுச் சுழற்சி

ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டுச் சுழற்சி என்பது, ஒரு நிறுவனத்தின் மேலாளரும் அவரது குழுவிலுள்ள ஒவ்வொரு உறுப்பினரும் ஓராண்டில் எப்போது தனியாகச் சந்தித்துப் பேசுவது, எப்போது இலக்குகளை வகுப்பது, எப்போது பணியை மதிப்பிடுவது என்பவற்றை முன்கூட்டியே நாள் குறித்து ஒழுங்குபடுத்தும் முறை ஆகும். இதன் இறுதிக் கட்டமான மதிப்பீடு அலுவலகப் பேச்சுவழக்கில் *அப்ரைசல்* என்றே குறிப்பிடப்படுகின்றது. இந்தியாவில் பல நிறுவனங்கள் நிதியாண்டை ஒட்டி, ஏப்ரல் முதல் மார்ச் வரையான காலத்தை ஒரு சுழற்சியாகக் கொள்கின்றன. சனவரியில் தொடங்கி திசம்பரில் முடியும் சுழற்சியைப் பின்பற்றும் நிறுவனங்களும் உள்ளன.

ஆண்டு முழுவதும் நடைபெறும் தனிச்சந்திப்புகளும் ஆண்டிறுதியில் எழுதப்படும் மதிப்பீடும் ஒரே முறையின் இரு பகுதிகள் ஆகும். தனிச்சந்திப்புகள் இன்றி எழுதப்படும் மதிப்பீடு மேலாளரின் நினைவாற்றலை மட்டுமே சார்ந்தது. சந்திப்புகளில் ஒருபோதும் பேசப்படாத ஒரு குறை ஆண்டிறுதி அறிக்கையில் முதன்முறையாக இடம்பெறுமாயின், அதைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு உறுப்பினருக்கு அந்த ஆண்டில் கிடைக்கவே இல்லை என்பது பொருள். எனவே, ஆண்டிறுதி மதிப்பீட்டில் உறுப்பினர் முன்பு அறிந்திராத செய்தி எதுவும் இருக்கக்கூடாது என்பது இம்முறையின் அடிப்படை விதியாகக் கருதப்படுகின்றது.

## பின்னணி

மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், பணியாளர்கள் தெளிவான இலக்குகளைக் கொண்டு தம் பணியைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். இது *குறிக்கோள்வழி மேலாண்மை* எனப்படுகின்றது. 1957 இல் டக்ளஸ் மெக்கிரெகர், மேலாளர்கள் பிறரது தகுதியை எடைபோட்டுத் தீர்ப்புக் கூறத் தயங்குவது இயல்பானதே என்று எழுதினார். பணியாளரே முதலில் தம் இலக்குகளை வரைந்து கொண்டுவர வேண்டும் என்றும், மேலாளர் நீதிபதியாக அன்றித் துணைவராகச் செயல்பட வேண்டும் என்றும் அவர் கூறினார்.

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகளை ஹெர்பர்ட் மேயர் முதலிய மூவர் 1965 இல் வெளியிட்டனர். ஆண்டுக்கொருமுறை நடக்கும் மதிப்பீட்டுப் பேச்சில் கூறப்படும் குறைகள், கேட்பவரைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளுகின்றன என்றும், குறை கூறப்பட்ட பணிகளில் முன்னேற்றம் ஏற்படுவதை அவை தடுக்கவே செய்கின்றன என்றும் அவர்கள் கண்டனர். வழிகாட்டுதல் ஆண்டுக்கொருமுறை அல்லாமல் அன்றாடம் நடைபெற வேண்டும் என்பதும், ஊதியம் பற்றிய பேச்சும் பணி மேம்பாடு பற்றிய பேச்சும் வெவ்வேறாக நடைபெற வேண்டும் என்பதும் அவர்களது முடிவுகள் ஆகும்.

தனிச்சந்திப்பு என்னும் வழக்கத்தை விரிவாக விளக்கிப் பரவலாக்கியவர் இன்டெல் நிறுவனத்தின் ஆன்ட்ரூ குரோவ் ஆவார். 1983 இல் வெளியான தமது நூலில், தனிச்சந்திப்பு உறுப்பினருக்கு உரிய கூட்டம் என்றும், பேசவேண்டியவற்றின் பட்டியலை அவரே தயாரிக்க வேண்டும் என்றும் அவர் குறிப்பிட்டார்.

## மூன்று வகைப் பேச்சுகள்

மேலாளருக்கும் உறுப்பினருக்கும் இடையே ஓராண்டில் நடக்க வேண்டிய பேச்சுகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது வழிகாட்டல். பணி எங்கே தடைபடுகின்றது, அதை எவ்வாறு சரிசெய்வது என்பது இதன் பொருள். இரண்டாவது மதிப்பிடல். கடந்த காலத்தில் செய்த பணி எதிர்பார்ப்புக்கு ஈடாக இருந்ததா என்பது இதன் பொருள். மூன்றாவது ஊதியம், பதவி உயர்வு ஆகியவை பற்றிய அறிவிப்பு.

இம்மூன்றும் உறுப்பினரிடம் வெவ்வேறு மனநிலைகளை வேண்டுகின்றன. வழிகாட்டல் பேச்சில் அவர் தம் இடர்ப்பாடுகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். மதிப்பிடல் பேச்சில் தம் பணிக்கான சான்றுகளை எடுத்துரைக்க வேண்டும். ஊதியப் பேச்சில் அவர் கவனம் முழுவதும் ஒரே ஓர் எண்ணின் மீது இருக்கும். மூன்றையும் ஒரே அமர்வில் நடத்தினால் கடைசியாக உள்ளது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகின்றது. ஊதிய உயர்வு எவ்வளவு என்று காத்திருப்பவர், தமக்கு எந்தப் பணி சரியாக வரவில்லை என்பதை அதே அமர்வில் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே இம்மூன்று பேச்சுகளும் ஆண்டின் வெவ்வேறு நாள்களில் வருமாறு அமைப்பதே சுழற்சியைத் திட்டமிடுவதன் முதற்பணி ஆகும்.

## தனிச்சந்திப்பு

### இடைவெளி

பொதுவான அமைப்பு இரு வாரங்களுக்கு ஒருமுறை அரைமணி நேரம் என்பதாகும். புதிதாகச் சேர்ந்தவருக்கும், புதிய வகைப் பணியை ஏற்றிருப்பவருக்கும் வாரம் ஒருமுறை தேவைப்படலாம். பணியில் நன்கு பழகியவருக்கு மாதம் ஒருமுறை ஒருமணி நேரம் போதுமானதாக இருக்கலாம். இங்கு அளவுகோல் ஒருவரது மொத்தப் பணி அனுபவம் அன்று, குறிப்பிட்ட அந்தப் பணியில் அவருக்கு உள்ள தேர்ச்சியே ஆகும். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள கணக்காளர் முதன்முறையாக ஒரு குழுவை வழிநடத்தத் தொடங்கும்போது, அந்தப் பணியைப் பொறுத்தவரை அவர் புதியவரே. குரோவும் இடைவெளியை இவ்வாறே தீர்மானிக்க வேண்டும் என்கின்றார்.

சந்திப்புகள் ஆண்டு முழுவதற்கும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் வருமாறு நாட்காட்டியில் குறிக்கப்படுகின்றன. ஒரு சந்திப்பை நடத்த இயலாதபோது அதை நீக்காமல் அதே வாரத்தில் வேறு நாளுக்கு மாற்றுவது நல்ல வழக்கம் ஆகும். மேலாளர் தொடர்ந்து ரத்து செய்யும் சந்திப்பில், உறுப்பினர் முக்கியமான எதையும் சொல்லக் காத்திருப்பதில்லை.

### உள்ளடக்கம்

அரைமணி நேரத்தின் பெரும்பகுதி உறுப்பினர் கொண்டுவரும் செய்திகளுக்கு உரியது. பணி எந்த அளவில் உள்ளது என்ற விவரத்தை மின்னஞ்சலிலோ குழுக் கூட்டத்திலோ பெற்றுவிட முடியும். தனிச்சந்திப்பில் கேட்கவேண்டியவை, அவ்விடங்களில் சொல்ல முடியாதவை ஆகும். வேறொரு துறையிலிருந்து வரவேண்டிய தகவல் வராமலிருப்பது, ஒரு பணியை எப்படித் தொடங்குவது என்று தெரியாமலிருப்பது, உடன் பணியாற்றுபவருடன் ஏற்பட்ட உரசல் போன்றவை இவ்வகையின.

மேலாளர் சொல்லவேண்டிய பாராட்டும் குறையும் நிகழ்ச்சி நடந்து இரு வாரங்களுக்குள், அதாவது அடுத்த சந்திப்புக்குள் சொல்லப்பட வேண்டும். "அறிக்கைகளில் கவனம் போதாது" என்பது போன்ற பொதுக்கூற்றை உறுப்பினரால் திருத்திக்கொள்ள முடியாது. "சென்ற வாரம் அனுப்பிய அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் கூட்டுத்தொகை பொருந்தவில்லை" என்பதை அவரால் திருத்திக்கொள்ள முடியும்.

### குறிப்பேடு

ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் மூன்று அல்லது நான்கு வரிகள் எழுதப்படுகின்றன. நாள், பேசப்பட்ட பொருள், இருவரும் ஒப்புக்கொண்ட செயல், அதைச் செய்யவேண்டியவர் ஆகியவை அவ்வரிகளில் இடம்பெறும். இக்குறிப்பு இருவரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பது இன்றியமையாதது. மேலாளர் மட்டும் வைத்திருக்கும் குறிப்பேடு நாளடைவில் உறுப்பினருக்கு எதிரான குற்றப்பட்டியலாக மாறிவிடக்கூடும். இருவரும் பார்க்கும் குறிப்பேட்டிலோ, மேலாளர் செய்வதாக ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவையும் பதிவாகின்றன.

உடல்நலம், குடும்பச் சூழல் போன்ற தனிப்பட்ட செய்திகள் இக்குறிப்பில் எழுதப்படுவதில்லை. அவை மதிப்பீட்டுக்கான சான்றுகள் அல்ல.

## ஆண்டின் கட்டங்கள்

ஏப்ரல் முதல் மார்ச் வரையான சுழற்சியில், தனிச்சந்திப்புகளோடு சேர்த்துப் பின்வரும் கட்டங்கள் அமைகின்றன.

* ஏப்ரல் – இலக்கு வகுத்தல்: உறுப்பினர் வரைவைத் தயாரிக்கின்றார். மேலாளருடன் ஒருமணி நேரம் பேசி மூன்று முதல் ஐந்து இலக்குகள் முடிவு செய்யப்படுகின்றன.
* அக்டோபர் – அரையாண்டு மீளாய்வு: இலக்குகள் இன்னும் பொருத்தமானவையா என்று பார்க்கப்படுகின்றது. பொருந்தாதவை எழுத்து மூலம் மாற்றப்படுகின்றன.
* பிப்ரவரி இறுதி – தன்மதிப்பீடு: உறுப்பினர் ஆண்டுக் குறிப்புகளைக் கொண்டு தம் பணியைப் பற்றித் தாமே எழுதுகின்றார்.
* மார்ச் – மேலாளரின் மதிப்பீடும் ஒப்புநோக்குக் கூட்டமும்: மேலாளர் வரைவை எழுதுகின்றார். பின்னர் பல குழுக்களின் மேலாளர்கள் ஒன்றுகூடி, தரமளிப்பில் ஒரே அளவுகோல் பின்பற்றப்பட்டுள்ளதா என்று ஒப்பிடுகின்றனர்.
* ஏப்ரல் முதல் வாரங்கள் – மதிப்பீட்டு உரையாடல்: எழுதப்பட்ட மதிப்பீடு உறுப்பினரிடம் ஒருநாள் முன்னதாக அளிக்கப்பட்டு, பின்னர் ஒருமணி நேரம் பேசப்படுகின்றது.
* அதற்கு இரண்டு அல்லது மூன்று வாரங்கள் கழித்து – ஊதிய அறிவிப்பு: கால்மணி நேரத்தில் முடியும் தனி அமர்வு.

இவற்றுள் பெரும்பாலும் கைவிடப்படுவது அரையாண்டு மீளாய்வு ஆகும். ஆனால் இலக்குகளைத் திருத்துவதற்கு எஞ்சியிருக்கும் கடைசி வாய்ப்பு அதுவே. ஏப்ரலில் எழுதப்பட்ட இலக்கு ஒன்று ஆகத்து மாதத்திலேயே பொருளற்றுப் போயிருக்கலாம். அக்டோபரில் அது மாற்றப்படாவிட்டால், மார்ச்சில் இல்லாத ஓர் இலக்கைக் கொண்டு இருக்கும் ஒருவர் அளக்கப்படுவார்.

மதிப்பீட்டை ஒருநாள் முன்னதாக அளிப்பதற்கும் காரணம் உண்டு. நேரில் கேட்கும் ஒருவர் முதலில் கேட்ட குறையிலேயே நின்றுவிடுவார், பின்னர் சொல்லப்படுபவை அவருக்குச் சென்றடைவதில்லை. முன்னரே படித்தவர், முதலில் எழுந்த உணர்ச்சி தணிந்தபின் கேள்விகளோடு வருகின்றார்.

ஒப்புநோக்குக் கூட்டத்தில் தரம் மாறக்கூடும் என்பதால், அதற்கு முன்னர் உறுப்பினரிடம் எந்தத் தரத்தையும் உறுதியளிப்பது தவறு ஆகும். மேலாளர் தம் உறுப்பினருக்காக அக்கூட்டத்தில் வாதாட வேண்டியிருக்கும். அப்போது நாள் குறிக்கப்பட்ட சான்றுகளை வைத்திருப்பவரது பேச்சுக்கே மதிப்பு கிடைக்கின்றது.

## நேரக் கணக்கு

இம்முறைக்கு எதிராகப் பெரிதும் கூறப்படுவது நேரமின்மை ஆகும். இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரு வாரங்களுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 26 சந்திப்புகள் வரும். விடுமுறை, விடுப்பு ஆகியவற்றைக் கழித்தால் சுமார் 22 எஞ்சும். தலா அரைமணி வீதம் இவை 11 மணி நேரம் ஆகும். இலக்கு வகுத்தல், அரையாண்டு மீளாய்வு, மதிப்பீட்டு உரையாடல் ஆகியவை தலா ஒருமணி வீதம் 3 மணி நேரம். ஊதிய அறிவிப்பு கால்மணி. ஆக, ஒருவருடன் பேசும் நேரம் ஆண்டுக்கு 14¼ மணி ஆகும்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்தயாரிப்பு, குறிப்பெழுதுதல் ஆகியவற்றுக்குக் கால்மணி வீதம் 5½ மணி நேரமும், இலக்கு, மீளாய்வு, ஆண்டறிக்கை ஆகியவற்றைத் தயாரிக்க 4 மணி நேரமும் சேர்த்தால் மொத்தம் 23¾ மணி நேரம் வருகின்றது. ஆறு பேர் கொண்ட குழுவுக்கு இது 142½ மணி நேரம். ஆண்டில் 240 நாள்கள், நாளுக்கு 8 மணி என்று கொண்டால் மேலாளரின் பணிநேரம் 1920 மணி. எனவே அதில் சுமார் 7.4 விழுக்காடு இதற்குச் செலவாகின்றது.

பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு இது சுமார் 15 விழுக்காடாக உயரும். இருபது பேரை நேரடியாக மேற்பார்வையிடும் ஒருவரிடம் இதே இடைவெளியை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவ்வாறான குழுக்களில் மூத்த உறுப்பினர்களிடம் சந்திப்புப் பொறுப்பைப் பகிர்ந்தளிக்க வேண்டும், அல்லது இடைவெளியை மாதம் ஒருமுறையாக்க வேண்டும். எட்டுப் பேருடன் ஒழுங்காகச் சந்திப்பவர், இருபது பேருடன் சந்திப்பதாகப் பட்டியலில் மட்டும் எழுதிவைப்பவரைவிட மேலானவர்.

## எடுத்துக்காட்டு

கீழ்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட ஒரு நிகழ்வு ஆகும். உற்பத்தி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஆறு பேர் பணியாற்றுகின்றனர். அவர்களுள் ஒருவரது பொறுப்பு, பொருள் வழங்குநர்கள் அனுப்பும் பில்களைச் சரிபார்த்துப் பணம் வழங்க ஏற்பாடு செய்வது. பில் வந்த நாள் முதல் பணம் வழங்கும் நாள் வரை சராசரியாக 18 நாள்கள் ஆகின்றன. மார்ச்சுக்குள் இதை 10 நாள்களாகக் குறைப்பது என ஏப்ரலில் இலக்கு வகுக்கப்படுகின்றது.

சூன் மாதச் சந்திப்பொன்றில் உறுப்பினர், தாமதமான பில்களை ஆராய்ந்து ஒரு பட்டியலைக் கொண்டுவருகின்றார். 18 நாள்களில் 9 நாள்கள், சரக்கு வந்து சேர்ந்ததற்கான குறிப்பைப் பண்டகசாலை தருவதற்காகக் காத்திருப்பதில் கழிகின்றன. 4 நாள்கள் கொள்முதல் பிரிவின் ஒப்புதலுக்குச் செல்கின்றன. அவரது மேசையில் பில் இருப்பது 5 நாள்கள் மட்டுமே. அதாவது, அவர் தம் வேலையை ஒரே நாளில் முடித்தாலும் மொத்தம் 14 நாள்களுக்குக் கீழ் இறங்காது. பண்டகசாலை மேலாளருடன் தாம் பேசுவதாக மேலாளர் கூறுகின்றார். இது குறிப்பேட்டில் எழுதப்படுகின்றது.

அக்டோபர் மீளாய்வில் சராசரி 15 நாள்களாக உள்ளது. உறுப்பினர் தம் பங்கை 5 இலிருந்து 2 நாள்களாகக் குறைத்துள்ளார். பண்டகசாலையின் 9 நாள்களும் கொள்முதல் பிரிவின் 4 நாள்களும் மாறவில்லை. குறிப்பேட்டைப் பார்க்கும்போது, சூனில் ஏற்றுக்கொண்ட பேச்சை மேலாளர் இன்னும் நடத்தவில்லை என்பது தெரியவருகின்றது. அந்த வாரமே அது நடைபெறுகின்றது. உறுப்பினரின் இலக்கும் திருத்தப்படுகின்றது. தம் மேசையில் 2 நாள்களுக்கு மேல் பில் தங்கக்கூடாது என்பதும், குறிப்பு வராத பில்களின் பட்டியலை நாள்தோறும் பண்டகசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் புதிய இலக்குகள் ஆகும்.

சனவரியில் ஒரு பிழை நேர்கின்றது. வழங்குநர் ஒருவர் ஒரே பில்லின் நகலையும் மூலத்தையும் அனுப்ப, பில் எண் இரண்டு விதமாகப் பதிவானதால் ₹1,80,000 இருமுறை வழங்கப்பட்டுவிடுகின்றது. உறுப்பினரே இதைக் கண்டுபிடித்து மறுநாள் தெரிவிக்கின்றார். பிப்ரவரி மாத பில்லில் அத்தொகை சரிசெய்யப்படுகின்றது. வழங்குநர் பெயர், தொகை, நாள் ஆகிய மூன்றும் பொருந்தும் பில்களைப் பணம் வழங்குமுன் நிறுத்திவைக்கும் சோதனை ஒன்றையும் அவர் நடைமுறைக்குக் கொண்டுவருகின்றார்.

மார்ச்சில் சராசரி 11 நாள்கள் ஆகும். பண்டகசாலை 5 நாள்கள், கொள்முதல் பிரிவு 4 நாள்கள், உறுப்பினர் 2 நாள்கள்.

குறிப்புகள் இல்லாமல் மதிப்பீடு எழுதும் மேலாளரின் நினைவில் முதலில் நிற்பது சனவரிப் பிழையே. அடுத்து அவர் ஏப்ரலில் எழுதிய இலக்கை எடுத்துப் பார்ப்பார். 10 நாள்கள் என்ற அளவு எட்டப்படவில்லை. இலக்கு தவறியது, பணம் இருமுறை சென்றது என்ற இரு செய்திகளோடு "சராசரி" என்ற தரம் எழுதப்பட்டுவிடும். இரண்டு செய்திகளும் உண்மை. ஆயினும் அவற்றைக் கொண்டு எட்டப்பட்ட முடிவு உண்மை ஆகாது.

குறிப்புகளைக் கொண்டு எழுதும்போது வேறொரு படம் கிடைக்கின்றது. தாமதத்தின் காரணத்தைக் கண்டறிந்தவர் உறுப்பினர். தம் பங்கை 5 நாள்களிலிருந்து 2 நாள்களாகக் குறைத்தவரும் அவரே. மீதமிருந்த பெரும் தடை நான்கு மாதம் நீடித்ததற்குக் காரணம் மேலாளரின் தாமதம். சனவரிப் பிழை மறைக்கப்படாமல் அறிக்கையில் இடம்பெறும். ஆனால் அதைத் தெரிவித்த விதமும், அது மீண்டும் நேராதிருக்க எடுத்த நடவடிக்கையும் உடன் எழுதப்படும். இதே வகைப் பிழை மார்ச்சில் மீண்டும் நேர்ந்திருந்தால் அதன் எடை வேறாக இருந்திருக்கும்.

அண்மையில் நடந்தவை பழையவற்றை மறைத்துவிடும் இவ்வியல்பு *அண்மை விளைவு* எனப்படுகின்றது. இது ஒருவருக்குச் சாதகமாகவும் செயல்படலாம். ஆண்டு முழுவதும் சோர்ந்திருந்து பிப்ரவரியில் ஒரு பெரிய பணியை முடித்தவர், தகுதிக்கு மிஞ்சிய தரத்தைப் பெறுவதும் இதனால்தான்.

## அறிவிக்கப்படாத மதிப்பீடு

மதிப்பீடு உரியவருக்குத் தெரிவிக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இந்திய அரசுப் பணியில் எழுந்த வழக்கொன்று சான்றாகும். நடுவண் அரசு ஊழியர்கள் பற்றி மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதும் அறிக்கை நெடுங்காலம் *ஆண்டு இரகசிய அறிக்கை* என்ற பெயரில் இருந்தது. பாதகமான குறிப்புகள் மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்டன.

எல்லைப்புறச் சாலைகள் பிரிவில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94 ஆம் ஆண்டுக்கு "நன்று" என்ற குறிப்பு எழுதப்பட்டது. அது பாதகமான சொல் அன்று என்பதால் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆனால் பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டுகளும் "மிக நன்று" என்ற குறிப்பு தேவைப்பட்டது. அந்த ஒரு சொல்லால் அவர் பதவி உயர்வை இழந்தார். 2008 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், பாதகமானவை மட்டுமன்றி எல்லாக் குறிப்புகளும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2013 இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இக்கருத்தை உறுதிசெய்தது.

2009 மே மாதத்தில் நடுவண் அரசின் ஆணைப்படி அறிக்கையின் பெயரிலிருந்து "இரகசியம்" என்ற சொல் நீக்கப்பட்டு, அது *ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை* ஆயிற்று. முழு அறிக்கையும் ஊழியருக்குக் காட்டப்பட்டு, மறுப்புத் தெரிவிக்க 15 நாள்கள் அளிக்கப்படுகின்றன. இதன் வழமையான கால அட்டவணையில் தன்மதிப்பீட்டுக்கு ஏப்ரல் 15, மேலதிகாரியின் அறிக்கைக்கு சூன் 30, மறுஆய்வு அதிகாரிக்கு சூலை 31 என நாள்கள் குறிக்கப்பட்டன. இந்நாள்கள் யாவும் ஆண்டு முடிந்தபின் வருபவை. எனவே, இவ்வேற்பாடு மதிப்பீட்டை வெளிப்படையாக்கினாலும், ஆண்டின் நடுவே குறையை அறிந்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பைத் தானாகவே ஏற்படுத்திவிடுவதில்லை. அது அந்தந்த மேலதிகாரியின் பழக்கத்தைப் பொறுத்தது.

## பிழைகளும் அவற்றின் அறிகுறிகளும்

சுழற்சி ஏட்டளவில் மட்டும் நடைபெறுகின்றதா என்பதைச் சில அறிகுறிகளால் அறியலாம்.

* சந்திப்புகள் ரத்தாதல்: ஒரு காலாண்டில் நடக்கவேண்டிய ஆறு சந்திப்புகளில் மூன்று நடைபெறவில்லை எனில், அந்த உறுப்பினரைப் பொறுத்தவரை சுழற்சி நின்றுவிட்டது எனலாம். நாட்காட்டியை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.
* குறிப்புகளில் ஒரே வகைச் செய்தி: நான்கைந்து சந்திப்புகளின் குறிப்புகளில் பணி நிலவரம் மட்டுமே இருக்குமாயின், உறுப்பினர் தம் இடர்ப்பாடுகளைச் சொல்வதை நிறுத்திவிட்டார் என்று கொள்ளலாம்.
* சான்றுகள் கடைசி மாதங்களிலிருந்து மட்டும் வருதல்: ஆண்டறிக்கையில் காட்டப்பட்ட நிகழ்ச்சிகளின் நாள்களை வரிசைப்படுத்தினால், அவை சனவரிக்குப் பிற்பட்டவையாகவே இருப்பது அண்மை விளைவின் அடையாளம்.
* எல்லோருக்கும் ஒரே தரம்: குழுவில் எவருடனும் கடினமான பேச்சை நடத்த மேலாளர் விரும்பவில்லை என்பதை இது காட்டக்கூடும்.
* ஆண்டிறுதி வியப்பு: மதிப்பீட்டைப் படிக்கும் முன்னர், தாம் எதிர்பார்க்கும் தரத்தை உறுப்பினர் எழுதி வைக்கின்றார். அதற்கும் அளிக்கப்பட்ட தரத்துக்கும் பெரும் இடைவெளி இருப்பின், தவறு பெரும்பாலும் ஆண்டு நடுவில் பேசப்படாத ஏதோ ஒன்றில் இருக்கும்.

ஆண்டின் நடுவில் மேலாளர் மாறுவதும் அடிக்கடி இடர்ப்பாட்டை உண்டாக்குகின்றது. புதியவர் தாம் பார்க்காத மாதங்களை மதிப்பிட முடியாது. விலகிச் செல்பவர் அதுவரையான காலத்துக்குச் சுருக்கமான மதிப்பீட்டை எழுதி, உறுப்பினரிடம் காட்டிய பின்னரே பொறுப்பை ஒப்படைப்பது இதற்கான தீர்வு ஆகும். மகப்பேறு விடுப்பு போன்ற நீண்ட விடுப்பில் இருந்தவர், பணியாற்றிய மாதங்களை மட்டும் கொண்டு மதிப்பிடப்பட வேண்டும். அவரது இலக்கின் அளவும் அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும்.

## வரம்புகள்

தனிச்சந்திப்புகளின் ஒழுங்கு, தரமளிப்பில் உள்ள எல்லாக் குறைகளையும் நீக்கிவிடாது. குழுவில் குறிப்பிட்ட விழுக்காட்டினருக்குத் தாழ்ந்த தரம் வழங்கியே ஆக வேண்டும் என்ற விதி உள்ள நிறுவனங்களில், நல்ல சான்றுகள் இருந்தும் ஒருவர் தாழ்த்தப்படலாம். இவ்வாறான கட்டாயத் தரவரிசையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2013 நவம்பரில் கைவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அடோபி நிறுவனம் ஆண்டு மதிப்பீட்டு முறையையே நீக்கிவிட்டு, மேலாளரும் பணியாளரும் ஆண்டு முழுவதும் தொடர்ந்து உரையாடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆண்டறிக்கை நீக்கப்பட்ட அந்த ஏற்பாட்டிலும் தனி உரையாடல் நீக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஊதிய உயர்வின் மொத்தத் தொகையைப் பெரும்பாலும் குழு மேலாளர் தீர்மானிப்பதில்லை. மிக நல்ல மதிப்பீட்டைப் பெற்றவருக்கும் நிறுவனத்தின் வருவாய் குறைந்த ஆண்டில் சிறிய உயர்வே கிடைக்கக்கூடும். இவ்விரண்டும் வெவ்வேறு நாள்களில் பேசப்பட்டிருந்தால், உயர்வு குறைந்ததைத் தம் பணியின் மீதான தீர்ப்பாக உறுப்பினர் எடுத்துக்கொள்வது குறைகின்றது. ஒரே நாளில் பேசப்பட்டால், மதிப்பீட்டில் எழுதப்பட்ட நல்ல சொற்களையும் அவர் நம்புவதில்லை.

## இவற்றையும் பார்க்கவும்

* குறிக்கோள்வழி மேலாண்மை
* மனிதவள மேலாண்மை
* அண்மை விளைவு